தனி ஆள் நடை

ஜெயசுதா அக்காவின் வெண்டைக்கும் கண்ணையன் வெண்டைக்கும் நடுவில் இருநூறு மீட்டர் இருக்க வேண்டும். இருந்தால் அக்காவின் வயல் விதை வயல். இல்லாவிட்டால் அது வெறும் வெண்டைக்காய்.

நான் ஒரு சிறிய விதை கம்பெனியில் கள ஆய்வாளர். பூக்கும் முன்னால் வயலைப் பார்த்து, பக்கத்தில் வேறு வெண்டை இருக்கிறதா, எவ்வளவு தூரம் என்று சொல்வது என் வேலை. கிட்ட இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். கலப்பு விதை போனால் அடுத்த வருடம் வேறொரு ஊரில் ஒருவன் வயல் பாழ்.

சேலியமேட்டுப் பக்கம் மாசி வெயில். அக்கா வரப்பிலேயே நின்றிருந்தார்.

"வா அருள். மோர் குடிச்சிட்டு ஆரம்பி."

"அளந்துட்டு குடிக்கிறேன்கா."

"அந்தாளு தை கடசீல போட்டான் பா வெண்டைய. நான் அதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். கேட்டா, என் நெலம் என் இஷ்டம்ன்றான்."

"யார் முன்னாடி போட்டாங்கன்றதுல ஒண்ணுமில்லக்கா. தூரம்தான்."

"தெரியும். அதான் பயமா கீது."

பயத்துக்குக் காரணம் உண்டு. மொட்டு கட்டத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் மொட்டைப் பிரித்து ஆண் பகுதியை எடுத்துவிட்டு, காலையில் கையால் மகரந்தம் தொட்டு வைக்க ஆறு பெண்களுக்கு அக்கா பேசி வைத்திருந்தார். இந்த ஊரில் விதை வெண்டை போட்ட முதல் ஆள் அவர். அவர் வயல் தள்ளுபடி ஆனால் கம்பெனி இந்தப் பக்கம் திரும்பாது. தள்ளுபடியா இல்லையா என்று மேலாளரிடம் இன்றே சொல்ல வேண்டும்.

முப்பது மீட்டர் டேப் போன வாரம் மண்ணாடிப்பட்டில் அறுந்தது. புதிது வரவில்லை. ஃபோனில் பார்த்தேன். ஒரு தடவை நூற்றுத் தொண்ணூற்று நாலு என்றது. அங்கேயே நின்று மறுபடி பார்த்தால் இருநூற்று மூன்று. எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் கேள்வி என்றால் ஃபோனுக்குப் பதில் தெரியாது.

நடந்துதான் அளக்க வேண்டும். எனக்கு அது பழக்கம். வலது கால் விழும்போது மட்டும் ஒன்று எண்ண வேண்டும். என் கணக்கில் ஒன்றுக்கு ஒரு மீட்டர் நாற்பத்தாறு சென்டிமீட்டர். வேலையில் சேர்ந்த வருடம் டேப் போட்டு, வரப்பின்மேல் பலமுறை நடந்து எடுத்த அளவு. தார் ரோட்டில் எடுத்த அளவு வயலுக்கு ஆகாது. வரப்பில் கால் குறுகும். அதனால் வரப்பிலேயே எடுத்தோம்.

எடுத்தோம் என்றால் நானும் சுகன்யாவும். அவளும் அதே கம்பெனி. அப்புறம் என் மனைவியானாள். போன கோடையில் டெங்குவில் போய்விட்டாள்.

அக்காவின் கடைசி வரிசைச் செடியிலிருந்து கிழக்கே நடந்தேன். வரப்பு நேர். வரப்போரம் அக்காவின் தண்ணீர்ப் பைப்பு மோட்டார் கொட்டகை வரை ஓடுகிறது. கொட்டகையைத் தாண்டும்போது நாற்பத்தேழு. எழுபத்தைந்தில் வரப்பு முடிந்தது. அங்கே நடவு வயல், முழங்கால் தண்ணீர். வடக்கே திரும்பி நாற்பது. திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டேன், திருப்பம் சரியான மூலை. மறுபடி கிழக்கே ஐம்பத்து நாலு. கண்ணையனின் முதல் வரிசை.

கண்ணையன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சாரு, டாக்டர் நடக்கச் சொன்னாரா?"

"அளக்கிறேன்."

"கால்லயா? ஏன், கம்பெனில டேப்பு வாங்க துட்டு இல்லியா?"

"அறுந்துடுச்சு."

"அப்ப அறுந்த கம்பெனி. ஜெயசுதாகிட்ட சொல்லு, நான் போட்டதப் புடுங்க மாட்டேன். எனக்கு சந்தைக்கு காய் வோணும்."

"உங்களப் புடுங்கச் சொல்ல மாட்டோம்."

அவருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். சண்டைக்குத் தயாராக இருந்தார்.

வந்த வழியே திரும்பவில்லை. வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி வந்தேன். போன வழியையும் வந்த வழியையும் தாளில் வரைந்தால், கோடு கிளம்பிய புள்ளியிலேயே வந்து மூட வேண்டும்; மூடினால் எண்ணிக்கையில் தப்பில்லை. மூடியது. இரண்டு அடிதான் விலகல்.

கொட்டகை நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிழக்கே மொத்தம் நூற்று இருபத்தொன்பது, வடக்கே நாற்பது. தேனீ வரப்பில் திரும்பிப் போகாது; குறுக்கே பறக்கும். குறுக்குத் தூரம் நூற்று முப்பத்தைந்து. அதை மீட்டராக்கினால் நூற்றுத் தொண்ணூற்றேழு.

மூன்று மீட்டர் குறைவு.

மேலாளர் புகழ்வேந்தன் ஃபோனில் இருந்தார். வில்லியனூர் ஆபீசில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

"எவ்ளோ?"

"நூத்தித் தொண்ணூத்தேழு சார்."

"சுத்து மூடுச்சா?"

"மூடுச்சு."

"அப்ப தள்ளிடு. அந்தம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா கத்துவாங்க."

அக்கா மோர்ச் செம்போடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் கொஞ்ச நாளாகவே ஒன்றும் தெரிவதில்லை; அதனால் அவருக்கும் தெரியவில்லை.

"இன்னா பா?"

"கொஞ்சம் இருங்கக்கா."

மோரைக் குடித்தேன். எதிரே பைப்பு. கடைசி வரிசைச் செடியிலிருந்து கொட்டகை வரை கருப்புப் பைப்பு, துண்டு துண்டாகக் கொக்கியில் மாட்டியது. சும்மா எண்ணினேன். பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஆறு மீட்டர். எழுபத்திரண்டு.

நான் அந்த இடத்துக்கு நாற்பத்தேழு நடந்திருந்தேன். என் கணக்குப்படி அறுபத்தெட்டரை மீட்டர்தான்.

பைப்பு சுருங்காது.

"அக்கா, பைப்பு நீங்க வாங்கனதா? வெட்டுனதா ஏதாவது?"

"ஒண்ணும் வெட்டல. எல்லாம் முழுப் பைப்பு. ஏன், பைப்ப வேற தள்ளப் போறியா?"

பையில் மூன்று மீட்டர் சின்ன டேப் இருந்தது, செடிக்குச் செடி இடைவெளி பார்க்க. ஒரு கொக்கியிலிருந்து அடுத்த கொக்கிக்கு இரண்டு தடவை வைத்தேன். ஆறு. இன்னும் மூன்று பைப்பு பார்த்தேன். ஆறு, ஆறு, ஆறு.

"அப்ப அந்த டேப்பாலயே மொத்தத்தையும் அளந்துடலாமே?"

"எழுவது தடவ வெக்கணும்கா. வெக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் நகரும். நடுவுல வாய்க்கா, நடவு. நடைதான் நல்லது. ஆனா நடைய மொதல்ல சரி பாக்கணும்."

சுற்று மூடியது என்று நம்பியிருந்தேன். சுற்று, எண்ணிக்கை தப்பினால்தான் காட்டிக் கொடுக்கும். அடியின் நீளமே தப்பு என்றால் போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவுக்குத் தப்பாகும். சுற்று அழகாக மூடும். அது முதல் பாடத்தில் சொல்லித் தருவது.

செடியிலிருந்து கொட்டகைக்கு நடந்தேன். நாற்பத்தேழு. கொட்டகையிலிருந்து செடிக்கு. நாற்பத்தேழு. மறுபடி. நாற்பத்தாறரை. இப்போது என் அடி ஒரு மீட்டர் ஐம்பத்து மூன்று.

கண்ணையன் வேப்பமரத்தை விட்டு வரப்புக்கு வந்துவிட்டார்.

"ஜெயசுதா, உன் சாரு கொட்டாயச் சுத்தி கோயில் சுத்துறாரு!"

"வாய மூடிக்கினு போ. அவரு வேலய அவரு பாக்கறாரு."

குட்டையாகவோ நெட்டையாகவோ ஒருவன் ஒரு வருடத்தில் மாறுவதில்லை. செருப்பும் அதே செருப்பு. வரப்பும் வரப்புதான். பிறகு எப்படி?

மேலாளரைக் கூப்பிட்டேன்.

"சார், நூத்தித் தொண்ணூத்தேழு தப்பு. இருநூத்தி ஆறு."

"அருள், அந்தம்மா அழுதாங்களா?"

"இல்ல சார். மோர் குடுத்தாங்க."

"மோருக்கு ஒம்போது மீட்டரா?"

"அடியோட நீளம் மாறியிருக்கு. பைப்பு லைன் வெச்சு சரி பாத்தேன். எழுவத்திரண்டு மீட்டர். மூணு தடவ நடந்தேன்."

"ஒன் அளவு எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா ஒன்னு நாப்பத்தாறு. டேப் வெச்சு எத்தன வயல்ல பாத்துருக்கோம், ஒரு தடவ தப்புனதில்ல. இப்ப திடீர்னு எப்படி மாறும்? காரணம் சொல்லு. காரணம் இல்லாம நான் எழுத மாட்டேன்."

அவர் கேட்டது நியாயம். காரணம் இல்லாத திருத்தம் திருத்தமில்லை.

"அஞ்சு நிமிஷம் சார்."

செடிக்குத் திரும்பிப் போனேன். அந்த அளவு எடுத்த நாளை நினைத்தேன். அதற்குப் பிறகு டேப் வைத்துப் பார்த்த வயல்களையும். எல்லாவற்றிலும் அவள் இடப்பக்கம் நடந்தாள். ஒரே எண்ணிக்கையை இருவரும் மனதுக்குள் எண்ணுவோம். முடிவில் ஒத்துப் பார்ப்போம். அவள் என் தோளுக்குத்தான் இருப்பாள். வேகமாகப் போனால் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "ஓடுறதுக்கா சம்பளம்?" என்பாள். போகப்போக அவள் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

வரப்பில் வலது ஓரமாக ஏறினேன். இடது பக்கம் ஒரு ஆள் இடம் விட்டேன். அந்த ஆள் பின்தங்காதபடி நடந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

கொட்டகை வந்தபோது நாற்பத்தொன்பது.

எழுபத்திரண்டை நாற்பத்தொன்பதால் வகுத்தால் ஒன்று நாற்பத்தேழு. பழைய அளவு அப்படியே இருந்தது. தப்பில்லை. இரண்டு பேர் நடைக்கு அது சரியான அளவு.

"சார்."

"சொல்லு."

"முன்னாடி எல்லா வயல்லயும் கூட சுகன்யா நடப்பா. அந்த நடைக்குத்தான் ஒன்னு நாப்பத்தாறு. இப்ப தனியா நடக்கிறேன். ஒன்னு அம்பத்து மூணு. ரெண்டு மாதிரியும் நடந்து பாத்துட்டேன். நடையில நூத்துக்கு ரெண்டு முன்னப்பின்ன போகலாம். நாலு மீட்டர் கழிச்சாலும் இருநூத்தி ரெண்டு."

அவர் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"இந்த சீசன்ல டேப் இல்லாம நீ தனியா நடந்து அளந்தது இதான மொதல் வயலு?"

"ஆமா சார்."

"சரி. இருநூத்தி ஆறு. பாஸ். புது டேப் வந்ததும் ஒரு தடவ வெச்சுப் பாரு, அது முறை. அருள்..."

"சார்."

"ஒண்ணுமில்ல. வெயில்ல நிக்காத."

அக்கா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாஸ்கா. ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்புங்க. நாளன்னிக்கு சாயங்காலம் மொட்டு பிரிக்கலாம்."

அவர் உடனே கண்ணையன் பக்கம் திரும்பினார்.

"யோவ்! கேட்டியா? காய நல்லா பறிச்சித் தின்னு!"

"ஒரு மணி நேரமா நடந்தா தூரம் கூடத்தான் செய்யும்!" என்று கத்திவிட்டுக் கண்ணையன் வேப்பமரத்துக்குப் போனார்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஃபோன்ல சுகன்யான்னு சொன்ன. அந்தப் பொண்ணு போன வருசம் நெலம் பாக்க வந்துச்சில்ல, ஒன்கூட? வாய்க்கால்ல கால் வுட்டுட்டு சிரிச்சிதே."

"ஆமாக்கா."

"இன்னோர் செம்பு மோர் கொண்டாரவா?"

"கொண்டாங்க."

அறிக்கையில் என் அடியின் அளவை எழுத ஒரு கட்டம் உண்டு. ஒன்று ஐம்பத்து மூன்று என்று எழுதினேன். அடுத்து அரியாங்குப்பம் பக்கம் ஒரு கத்தரி வயல். மோர் வந்தது. குடித்துவிட்டு வண்டி நிறுத்திய இடத்துக்கு நடந்தேன். வரப்பின் நடுவில்.