கடைசியிலிருந்து போட்ட திட்டம்

"ஆரம்பத்துலேர்ந்து போடாதம்மா. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிற மாசத்தை முதல்ல எழுது. அங்கேர்ந்து பின்னாடி வா" என்றார் வழிகாட்டி மேடம்.

அப்படித்தான் அவள் தன் முனைவர் பட்ட ஆய்வுக்குத் திட்டம் போட்டாள். கடைசி இரண்டு மாதம் திருத்தத்துக்கும் மேற்கோள் சரிபார்ப்புக்கும். அதற்கு முன் முடிவுரை, இரண்டு ஆய்வு அத்தியாயங்கள், முறையியல், எல்லாவற்றுக்கும் முன்னால் முன்னாய்வுகள். முன்னுரையைக் கடைசியில்தான் எழுத வேண்டும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் திங்கட்கிழமை சந்திப்பு; அதற்கு ஒரு வாரம் முன்பே வரைவு மேடத்தின் கைக்குப் போய்விட வேண்டும். நடுவில் ஒரு மாதத்தை வெறுமனே விடச் சொன்னார். "ஏதாவது வரும்மா. வராம இருக்காது."

வந்தது அண்ணன்தான். மூன்றாம் அத்தியாயத்தோடு தன் ஆய்வைக் கைவிட்டு, இப்போது செல்போன் கடை வைத்திருப்பவன். அவன் வீட்டில்தான் அவள் தங்கிப் படித்தாள். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து, "டாக்டரம்மா, சோறு ஆறிப்போச்சு" என்று சிரித்தான். சிரித்த வாய் மூடுவதற்குள் அறைந்தான்.

முன்னாய்வுகள் அத்தியாயத்தை அனுப்பிய அன்று மறுபடி கன்னம். முறையியல் அனுப்ப வேண்டிய நாளில் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். புருவம் கிழிந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அவன் அட்டவணையைப் பார்த்துத்தான் அடிக்கிறான்.

ஊரிலிருந்த அம்மாவிடம் போனில் சொன்னாள். "அடிக்கிற கைதான்டி அணைக்கும்" என்றாள் அம்மா.

"இவன் கை அடிக்க மட்டும்தான்மா நீளுது."

அடுத்த வரைவு நாளன்று அவன் மடிக்கணினியைப் பிடுங்கினான். அவள் விடவில்லை. அவன் கதவை ஓங்கிச் சாத்த, நிலைக்கும் கதவுக்கும் நடுவில் அவள் வலது கை சிக்கியது. விரல்கள் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. "எழுது பாப்போம்" என்று மறுபடி சாத்த வந்தான். இடது கைக்கு எட்டிய இரும்பு முக்காலியை எடுத்து அவன் முகத்தில் இறக்கினாள். பல் உடைந்து கீழே விழுந்தான். எழ முயன்றவன் முழங்காலில் இன்னொன்று. அவன் கெட்ட வார்த்தை சொல்லி அழுதுகொண்டிருக்க, மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு வெளியேறினாள்.

மாவுக்கட்டோடு வந்தவளை மேடம் உட்கார வைத்தார். முதலில் போலீஸில் புகார். அடுத்து மாணவியர் விடுதியில் இடம். அதன்பிறகுதான் திட்டத்தை விரித்தார்.

"அந்தக் காலி மாசத்தை இப்ப எடுத்துக்கோ. ரெண்டு ஆய்வு அத்தியாயத்தையும் ஒண்ணாக்கிடலாம், விஷயம் ஒண்ணுதான். எழுத முடியலைன்னா பேசு, கணினி எழுதிக்கும். இனி வாராவாரம் வா."

"அவனை அடிச்சது தப்பா மேடம்?"

"அதைக் கோர்ட் பாத்துக்கும். நீ வெள்ளிக்கிழமைக்குள்ள பத்துப் பக்கம் பேசு."

பேசினாள். கணினி பாதியைத் தப்பாக எழுதியது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் திருத்தினாள். குறித்த மாதத்தின் கடைசி வாரத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். ரசீதில் கையெழுத்துப் போட்டபோது, நேராகாத விரல்களிலிருந்து பேனா இரண்டு முறை நழுவியது. வலித்தது. முக்காலியைத் தூக்கியதற்காக மட்டும் ஒருநாளும் அவள் வருத்தப்படவில்லை.