மாத்திரை டப்பா, வாக்கர், அப்பா

தங்கையின் குரல் செய்தி வந்தபோது அக்கா பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில் இருந்தாள். மைக்கை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"அக்கா, என் கல்யாணத்துல நீதான் ஒரு கவிதை வாசிக்கணும். சிரிப்பு வரணும். யாரும் அழக்கூடாது, சொல்லிட்டேன். அவங்க வீட்டுல எல்லாரும் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறவங்க. நீ வீட்டுலயேதானே இருக்க, உனக்கு நேரம் இருக்கும்."

கடைசி வாக்கியத்தை அக்கா மறுபடி கேட்டாள். வீட்டிலேயேதானே இருக்கிறாளாம். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, உடம்பைத் துடைத்து, சட்டை மாட்டி, கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டு அம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிவந்து எந்தப் பேருந்து எந்த மேடையில் என்று தொண்டை வறளச் சொல்கிறவள், வீட்டிலேயேதானே இருக்கிறாளாம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த மாதமே தங்கைக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. போனவள் விடுமுறைக்கு வருவாள், அப்பாவோடு செல்ஃபி எடுப்பாள், போய்விடுவாள்.

"எழுதறேன்டி, நல்லா எழுதறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கை மறுபடி போட்டாள். அன்று அவள் அறிவித்த பேருந்துகள் எல்லாம் ஏதோ குற்றம் செய்துவிட்டு ஓடுகிறவை போல ஒலித்தன.

எழுதத் தெரியாதவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்குப் பிரிவுபசார வாழ்த்து எழுதிக் கொடுத்தவள். வேலையில் சேர்ந்த பிறகு யார் ஓய்வு பெற்றாலும் நாலு வரி இவளுடையதுதான். ஓரிடத்தில் கூட்டமாக நிற்கிறவர்கள் எதைக் கேட்பார்கள், எதைக் கேட்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தொழிலே சொல்லிக் கொடுத்திருந்தது. முக்கியமான சொல் கடைசியில் வர வேண்டும். முதலில் சொன்னால் இரைச்சலில் கரைந்துவிடும்.

மாப்பிள்ளை பல் டாக்டர். அங்கிருந்து ஆரம்பித்தாள். தங்கை வாயாடி என்பது இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்த விஷயம், அவளே சொல்லிச் சிரிக்கிற விஷயம். அதைத் தொடலாம். பழைய காதலையோ, மாப்பிள்ளையின் முன்வழுக்கையையோ தொடக்கூடாது. எழுதிப் பார்த்தாள்:

வாயைக் கொஞ்சம் திறங்க என்று
நாள்முழுக்கக் கெஞ்சும் வேலை;
வீட்டில் இனி ஓவர்டைம்,
வாயைக் கொஞ்சம் மூடும்மா.

சத்தமாக வாசித்தாள். எங்கோ இடித்தது. 'ஓவர்டைம்' என்றதும் சிரிப்பு கிளம்பிவிடும், அந்தச் சத்தத்தில் கடைசி வரி யாருக்கும் கேட்காது. அடித்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றினாள்:

வாயைக் கொஞ்சம் மூடும்மா என்று
வீட்டில் இனி ஓவர்டைம்.

இப்போது சரி. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, தயவுசெஞ்சு அதை எடுத்துடாதீங்க" என்றார். நல்ல மனிதர்தான். அதுவும் அவளுக்குக் கோபமாக வந்தது. எல்லா நல்லதும் எப்படித்தான் தங்கையையே தேடி வருகிறதோ.

முடிவுக்கு முதலில் 'ஆயிரம் ஆண்டு அன்பில் நனைந்து' என்று எழுதினாள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது. இது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், எதிர்வீட்டுக்காரருக்கும் பொருந்தும். அடித்தாள். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.

நடுவில் ஒரு பத்தி வேண்டும். தங்கையைப் பற்றி, அக்கா தங்கை என்று ஒன்று. அதை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தாளில் பேனாவை வைத்ததும் கொட்டியது:

பையை எடுத்துப் பறந்தாள் தங்கை,
கையைப் பிசைந்து நின்றேன் நான்.
மாத்திரை டப்பா, வாக்கர், அப்பா,
பாத்துக்கோ என்றாள், பஸ்ஸேறிவிட்டாள்.

எதுகை கச்சிதமாக விழுந்திருந்தது. பையை, கையை. மாத்திரை, பாத்துக்கோ. எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்போது தங்கையின் முகம் மேடையில் இருக்கும், அத்தனை பேருக்கும் நடுவில், பதில் சொல்ல முடியாமல். அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள், சமையலறையில் நின்று வாசித்துப் பழகினாள். கரண்டியை மைக்காகத் தாடைக்குக் கீழே பிடித்திருந்தாள். வாய்க்கு நேராகப் பிடித்தால் 'ப' வருகிற இடமெல்லாம் வெடிக்கும். கூடத்தில் நாற்காலியில் அப்பா. அவருக்கு இப்போது ஒவ்வொரு சொல்லும் இழுத்துத்தான் வரும், காது மட்டும் பாம்புக் காது.

டாக்டர் பத்திக்கு அப்பா சிரித்தார். ஒரு பக்க வாயால் சிரிக்கிற சிரிப்பு, ஆனால் தோள் குலுங்கியது. அக்காவுக்கு உற்சாகம் வந்தது. நடுப்பத்தியை இன்னும் நிறுத்தி, இன்னும் அழுத்தி வாசித்தாள்.

இந்த முறை அப்பாவின் தோள் குலுங்கவில்லை.

"என்னப்பா, நல்லா இல்லையா?"

அப்பா விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினார். "டப்பா... வாக்கர்..." மூன்றாவது விரலை நீட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். "நான்... மூணாவதா?"

"ஐயோ, அது உங்களைச் சொல்லலப்பா. அவளைச் சொன்னது."

"ஊரு முழுக்க... உக்காந்திருக்கும்." மூச்சு வாங்கினார். "என்னைத்தான்... பாக்கும்."

கரண்டி அவள் கையிலேயே இருந்தது. தங்கைக்கென்று தீட்டிய கத்தி இவர் மேல் பாய்ந்திருந்தது. முதல் வரிசையில், வாக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரப் போகிற மனிதர். அந்த வரியைக் கேட்டதும் இருநூறு கழுத்துகளும் மேடைப் பக்கமா திரும்பும்? சுமை எது என்று பார்க்க அவர் பக்கம்தான் திரும்பும். இத்தனை தடவை வாசித்தும் இது எப்படித் தெரியாமல் போனது? தன்மேல் வந்த ஆத்திரத்தில் கரண்டியைத் தொட்டியில் வீசினாள். அப்பா திடுக்கிட்டார்.

"உங்க மேல இல்லப்பா."

"தெரியும்" என்றார் அப்பா. "அவ மேல... கோவம்னா... அவகிட்ட... கத்து."

நடுப்பத்தியை அங்கேயே கிழித்துப் போட்டாள். சின்ன வயதில் தங்கையோடு ஒரே பாயில் படுத்ததை நினைத்து, அடுப்படி மேடையிலேயே வைத்து வேறொன்று எழுதினாள். அதற்கும் கோபம்தான் உதவியது. பாவி, ஒரு நாளாவது போர்வையைப் பங்கு கொடுத்தாளா?

ஒற்றைப் போர்வை இருவருக்கும்,
பற்றிக்கொண்டாள் முழுவதையும்.
இரட்டைப் போர்வை வாங்காதீர்,
இரண்டு போர்வை வாங்கிடுவீர்!

இதில் குளிரில் கிடப்பது எழுதியவள்தான். சிரித்தால் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மறுநாள் மண்டபத்தில் தங்கையைத் தனியாகப் பிடிக்க முடிந்தது மணமகள் அறையில்தான். தங்கை முழு அலங்காரத்தில் இருந்தாள். அலங்காரம் செய்த பெண்ணை, "கொஞ்சம் வெளிய இரும்மா" என்று அனுப்பிவிட்டு அக்கா கதவைச் சாத்தினாள்.

"கவிதை ரெடியா?" என்றாள் தங்கை.

"ரெடி. அதுல இல்லாத ஒண்ணு இருக்கு, அதை இப்பச் சொல்றேன். அப்பாவை என் தலையில கட்டிட்டுப் போன. ஒரு வார்த்தை கேட்டியா? நான் வீட்டுலயேதான் இருக்கேனா? என் நேரம் எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமா? குளியலறையில அவரு வழுக்கி விழுந்தப்ப நான் தூக்க முடியாம அவரோட தரையிலயே உக்காந்திருந்தேன். நீ அன்னைக்கு எனக்கு ஒரு பூனை வீடியோ அனுப்பின."

"இன்னைக்கா இதைப் பேசணும்?"

"இன்னைக்குத்தான். நாளைக்கு நீ பஸ் ஏறிடுவ."

தங்கையின் கண்ணில் நீர் முட்டியது. "மை கலையும், அழாதே" என்றாள் அக்கா, கொஞ்சமும் இளகாமல். "மாசத்துல ஒரு வாரம் அப்பா உன் வீட்டுல. சரின்னு சொல்லு."

"எங்க ஃப்ளாட்ல லிஃப்ட் இல்லக்கா..."

"டாக்டர் தூக்குவாரு. பல்லையே பிடுங்கறவரு."

தங்கைக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. "சரின்னு சொல்லு" என்றாள் மறுபடியும்.

"சரி. சரிக்கா. கத்தாத."

சடங்கு முடிந்து அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். முதலில் தான் யார், மணப்பெண் வீட்டில் எப்படிப் பேசுவாள் என்று இரண்டு வரி சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுக் கிழவர்களுக்கு அது தெரியாவிட்டால் ஜோக்கு புரியாது. தாடைக்குக் கீழே மைக். தான் சிரிக்கவில்லை. சிரிப்பவள் வாசித்தால் மற்றவர்களுக்குச் சிரிக்க இடமிருக்காது. 'ஓவர்டைம்' என்றதும் நிறுத்தினாள். பின்வரிசை வரை போய்த் திரும்பியது சிரிப்பு. அது அடங்கும்வரை காத்திருந்தாள். இரண்டு போர்வைக்கு மாப்பிள்ளையின் அம்மா கைதட்டி, "குறிச்சு வச்சுக்கோடா!" என்று மகனைப் பார்த்துக் கத்தினாள். அப்பாவின் தோள் குலுங்கியது. யாரும் வாக்கரைப் பார்க்கவில்லை. கடைசியாக வாசித்தாள்:

சண்டை வந்தால் சத்தமாய்ப் போடுங்கள்,
சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள்;
முடிந்த பிறகு இருவரில் ஒருவர்
அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள்.

சிரித்தார்கள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. சில தம்பதிகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். தங்கை சிரித்துக்கொண்டே அக்காவை முறைத்தாள். அக்காவும் முறைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். கோபம் அப்படியேதான் இருந்தது. மேடையில் மட்டும் அதை இறக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் மாதம் தங்கையும் டாக்டரும் காரில் வந்து அப்பாவை அழைத்துப் போனார்கள். இரண்டாம் மாதம் குரல் செய்தி வந்தது: "அக்கா, இந்த வாரம் பெயின்ட் அடிக்கிறாங்க, வாசனை அவருக்கு ஒத்துக்காது, அடுத்த மாசம் பாத்துக்கலாமா?"

அக்கா பதில் அனுப்பவில்லை. லீவு எழுதிக் கொடுத்தாள். ஒரு டாக்ஸி பிடித்தாள். அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, ஊர் தாண்டி, தங்கை வீட்டு வாசலில் இறக்கி, டிரைவரோடு சேர்ந்து மாடிக்கு ஏற்றி அழைப்புமணியை அழுத்தினாள். தங்கை கதவைத் திறந்தாள். உள்ளே பெயின்ட் வாசனை இல்லை.

"அப்பா" என்றாள் அக்கா. "அப்புறம் மாத்திரை டப்பா, அதுக்கப்புறம் வாக்கர். ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி."

"உள்ள வாக்கா, ஒரு டீயாவது..."

"எனக்கு வேலை இருக்கு" என்று அக்கா படியிறங்கினாள். வேலை எதுவும் இல்லை. தெருமுனைக் கடையில் உட்கார்ந்து, யாருக்கும் ஊட்டாமல், யார் கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டாமல், ஒரு டீயைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தாள். இன்னொன்று சொன்னாள்.