முதலாளிக்கு ஆகாத வார்த்தை

எங்கள் முதலாளி குமரேசனுக்கு ஒரு வார்த்தை ஆகவே ஆகாது: டிஸ்கவுண்ட். ஆரணிப் பட்டுக்கு யாராவது விலை குறைத்துக் கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆபீஸ் மெயில் கிளவுடுக்கு மாறியபோது அதன் நிர்வாகம் என் தலையில் விழுந்தது. மெயிலுக்கு விதி போடலாம் என்று நானாக வாயைக் கொடுத்தேன்.

"வெளிய இருந்து வர்ற மெயில்ல அந்த வார்த்த இருந்தா என் கண்ணுலயே படக் கூடாது சத்யா. ஒரே பேஜார்!"

வெளியாள் மெயிலின் தலைப்பிலோ உள்ளேயோ அந்த வார்த்தை இருந்தால் குவாரன்டைன் என்ற தடுப்புப் பெட்டிக்குப் போகும்படி செய்தேன். அங்கே போனதை நிர்வாகியான நான் விடுவித்தால்தான் உண்டு. புகார் மெயில்களை அவர் மச்சான் பிரபாகரனுக்குத் திருப்பிவிட இன்னொரு விதி. மச்சான் மெயில் திறந்து யாரும் பார்த்ததில்லை.

பிறகு பேங்க் மெயிலின் அடியில் வரும் நீண்ட எச்சரிக்கையைப் பார்த்து முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. எங்களிடமிருந்து போகும் எல்லா மெயிலுக்கும் அடியில் ஒட்ட, இங்கிலீஷில் அவரே எழுதித் தந்தார்: திரையில் தெரியும் நிறம் மாறலாம், விலை இறுதியானது, டிஸ்கவுண்ட் கேட்காதீர்கள். ஒட்டிவிட்டேன்.

ஆபீஸ் கோயில் மாதிரி அமைதியானது. புகார் இல்லை, பேரம் இல்லை. கொஞ்ச நாளில் ஆர்டரும் இல்லை.

எங்களிடம் மொத்தமாகப் பட்டு வாங்கும் ஐதராபாத் கடைக்காரர் போனில் கத்தினார். மெயில் மேல் மெயில் போட்டும் பதில் இல்லையாம். சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் கல்யாண சீசன் ஆர்டர் காஞ்சிபுரத்துக்குப் போகுமாம்.

"இன்னாம்மா பண்ணிவெச்ச? இந்த ஆர்டர் போச்சுன்னா உன் வேலையும் போச்சு!" என்றார் முதலாளி.

குவாரன்டைனைத் திறந்தேன். நிரம்பி வழிந்தது. டிஸ்கவுண்ட் கேட்டவர் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் எங்கள் மெயிலுக்குப் பதில் எழுதியிருந்தார்கள். பதிலின் அடியில் எங்கள் பழைய மெயில், அதற்கும் அடியில் முதலாளியின் எச்சரிக்கை.

"அவங்க கேக்கல சார். கேக்காதீங்கன்னு நீங்கதான் சொல்லிகினு இருக்கீங்க. பதில்ல அதுவும் கூடவே வருது, விதி புடிச்சு உள்ள போட்டுடுது."

எச்சரிக்கையில் அந்த வரியை எடுக்கச் சம்மதித்தார். குவாரன்டைன் விதியைத் தொடவிடவில்லை. சிக்கிய மெயில்களை விடுவித்தேன். ஐதராபாத்துக்குத் தானே புதிதாக ஒரு மெயில் எழுதுவதாகச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு ஜல்தியாகத் தட்டி அனுப்பினார்.

சாயங்காலம் ஆகியும் பதில் வரவில்லை. முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்குச் சந்தேகம் வந்து மறுபடி குவாரன்டைனைத் திறந்தேன்.

"ஆர்டர் உறுதின்னு பதில் வந்துருக்கு சார். ஆனா அந்த வார்த்த இருக்குதே, வுடட்டுங்களா?"

"எவன் எழுதுனான் அத?"

"நீங்கதான் சார். பத்து பர்சென்ட் டிஸ்கவுண்ட் தர்றேன்னு."

முதலாளி கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என் வேலை இருக்குதுங்களா சார்?"

"இருக்குதும்மா, இருக்குது. மொதல்ல அத வுடு."