கதவில் எழுதிய பெயர்

கல்குவாரியின் பழைய எடைக்கொட்டகையில் புத்தகங்களை அடுக்கி, ஊர் நூலகக் கமிட்டிக்காரர்கள் "அறிவொளி நூலகம்" என்று பலகை மாட்டியிருந்தார்கள். கல் சுமக்கும் பெண்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். ஆள் வராவிட்டால் கமிட்டி கதவைச் சாத்திவிடும். காரணம் தெரியாமல் நூலகக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. குவாரிக்கே போய்க் கேட்டாள்.

"பலகையப் பாத்தா படிச்சவங்க இடமாட்டம் இருக்கு தங்கச்சி," என்றாள் ஒரு சுமைக்காரி.

"நீங்க அதை என்னன்னு சொல்வீங்க?"

"எடைக்கொட்டகைதான். வேறென்ன?"

கமிட்டியோடு மல்லுக்கட்டிப் பலகையை இறக்கினாள். பெயின்ட் அடிக்கும் முன் ஊர் என்ன சொல்கிறதென்று பார்க்க, 'எடைக்கொட்டகை' என்றே கதவில் சாக்கட்டியால் எழுதினாள்.

மறுநாள் சுமைக்காரி ஆட்களோடு சண்டைக்கு வந்தாள். "இங்கதான் குவாரிக்காரன் கல்லை எடை குறைச்சுப் போட்டு எங்க வயித்துல அடிச்சான். அந்தப் பேரையா வைப்ப?"

"அழிச்சிடட்டுமா அக்கா?"

"அழிக்காத," என்றாள் கூட வந்தவள். "முன்னாடி 'நம்ம'ன்னு சேத்துக்கோ. இப்ப சாவி நம்ம கிட்டதான?"

நூலகக்காரி சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னாள். சுமைக்காரியின் கை கடைசியாக எழுந்தது.

பிறகு அவள் உள்ளே வந்து, தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல என்ன இருக்குன்னு வாசி. எடை குறைஞ்சா உன்னைச் சும்மா விடமாட்டேன்."