முப்பத்தெட்டும் ஐம்பத்தொன்றும்

பயிர்க் காப்புறுதிப் படிவத்தில் காணி இலக்கம் கேட்ட இடத்தில் பிரேமிளா முப்பத்தெட்டு என்று எழுதினாள். யோசித்து எழுதவில்லை. உர மானியத்துக்கும் அதையே எழுதுவாள். அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த அனுமதிப்பத்திரத்தில் இருப்பதும் அந்த இலக்கம்தான். ஆனால் அவள் விதைத்தது ஐம்பத்தோராம் இலக்க வயலை. வெள்ளம் அழித்ததும் அந்த வயலைத்தான்.

ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் உள்ள அந்த வயல்வெளியில் இப்படிக் காணி மாறிச் செய்பவர்கள் ஒருவர் இருவரல்ல. குடியேற்றத் திட்டத்தில் காணி பிரித்தவர்கள் வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். யாருடைய வீடு எந்த வயலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கோடுகள் பார்ப்பதில்லை. மலையகத்திலிருந்து எழுபத்தேழில் வந்த அவளுடைய அப்பா மூக்கனுக்கு விழுந்தது மேலே, வாய்க்கால் தலைப்பில் உள்ள முப்பத்தெட்டு. அவருடைய வீடோ கீழே, ஐம்பத்தொன்றின் வேலியோரம். ஐம்பத்தொன்று தவராசாவுக்குரியது. தவராசாவின் மனைவி பெயரில் முப்பத்தேழு இருந்தது. அவருடைய உழவு இயந்திரம் ஒரே இழுவையில் முப்பத்தேழையும் முப்பத்தெட்டையும் உழுதுவிடும். பன்றிக் காவலுக்கு மூக்கன் வீட்டு வாசலிலிருந்தே ஐம்பத்தொன்றைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் இரண்டேக்கர். வரம்பில் நின்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், அடுத்த போகத்திலிருந்து மாறிச் செய்தார்கள். மூக்கன் இறந்த பிறகு மகளும் அப்படியே செய்தாள். பரப்பளவு ஒன்றாக இருந்தபடியால் உரக் கணக்கில் ஒருநாளும் பிழை தெரியவில்லை. பிழை இல்லாமல் போகவில்லை, வெளியே வர அதற்கு ஒரு வழி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கார்த்திகையில் வழி கிடைத்தது. குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. வான் பாய்வதால் மட்டும் வயல் அழியாது. கழிவு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோய் ஆற்றில் சேர்த்துவிடும். ஆனால் ஆறும் நிரம்பி நின்றால் வாய்க்கால் எங்கே கொட்டும்? தண்ணீர் வந்த வழியே பின்னுக்குத் தள்ளப்பட்டு, வாய்க்கால் வளையும் இடத்தில் உள்ள தாழ்ந்த வயல்களில் ஏறும். ஐம்பத்தொன்று அந்த வளைவில் இருக்கிறது.

நெல் தண்ணீருக்குள் வாழும் பயிர் என்று வயல் பார்க்காதவர்கள் நினைப்பதுண்டு. வேர் தண்ணீரில் நிற்கலாம், இலை நிற்க முடியாது. முழுதாக மூழ்கிய பயிர் காற்றைத் தேடி நீளும். அடியிலிருந்து புதுத் தண்டுகள் கிளைத்து மட்டம் வெடிக்கும் பருவத்தில் அதனிடம் இருக்கும் சேமிப்பு கொஞ்சம்தான். அதை நீளுவதற்கே செலவழித்துவிடும். கலங்கிய தண்ணீர் வெயிலையும் மறைத்துவிடும். ஒரு கிழமை கழித்துத் தண்ணீர் வடிந்தபோது பயிர் நிற்கப் பலமில்லாமல் சேற்றில் படுத்துக் கிடந்தது. பிரேமிளா ஒரு பிடியை இழுத்தாள். வேர் அழுகி, இழுவையே இல்லாமல் கையோடு வந்தது.

அவள் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தாள். வயலை உழாமல் விட்டாள், ஏனெனில் பார்க்க வருகிறவர்களுக்கு அழிவு அழிவாகவே தெரிய வேண்டும். தண்ணீர் நிற்கும்போதும் வடிந்த பிறகும் கைபேசியில் படம் எடுத்தாள். விதைநெல் வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தாள். கமநல சேவை நிலையத்துக்குப் போய்ப் படிவத்தை நிரப்பினாள். நெல்லினம் ஏ.ரி. முந்நூற்று அறுபத்திரண்டு. பரப்பு இரண்டேக்கர். விதைத்தது ஐப்பசி முதல் வாரம். அழிவு முழுவதும். விதைத்த திகதியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: பயிரின் வயது தெரிந்தால்தான் அதில் இதுவரை எவ்வளவு செலவு இறங்கியிருக்கும், இனி அது எழும்புமா என்றெல்லாம் கணிக்க முடியும். இலக்கம் கேட்பதற்கும் காரணம் உண்டு. அதில்தான் கை பழக்கத்துக்குப் போய்விட்டது.

மதிப்பீட்டுக்கு வந்தவர்களில் இருவர்தான் பேசினார்கள். காப்புறுதிச் சபையின் கள உத்தியோகத்தர் சாரங்கா, முப்பது வயது மதிக்கத்தக்க பெண், சேற்றுக்கென்றே ஒரு நீண்ட சப்பாத்து வைத்திருந்தார். மற்றவர் கமக்காரர் அமைப்பின் செயலாளர் குகதாசன். கமநல நிலையத்திலிருந்து வந்தவர் காணிப் பதிவேடான இடாப்பின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

இலக்க ஒழுங்கில் வந்தபடியால் முதலில் முப்பத்தெட்டு. பயிர் இடுப்புக்குக் கீழே பச்சையாக நின்றது. நுனியில் கொஞ்சம் மஞ்சள், அது மழைக்கு எங்கும் வருவது. தவராசா தண்ணீர் கட்டிவிட்டு மண்வெட்டியோடு வரம்பில் நின்றார்.

சாரங்கா படிவத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். முழு அழிவு என்று எழுதியிருக்கிறதே என்று பிரேமிளாவிடம் கேட்டார். பிரேமிளாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இது நான் செய்த வயல் இல்லை, கீழே உள்ளதுதான் என்றாள். அப்படியானால் இங்கே ஏன் கையெழுத்து வைத்தீர்கள் என்று சாரங்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் பிரேமிளாவைக் கூடுதலாகக் கலங்கச் செய்தது.

குகதாசன் காணி மாறிய கதையைச் சொன்னார். சொல்லிக்கொண்டே தன் கோப்பைப் புரட்டியவர் பாதியில் நின்றார். கழிவு வாய்க்கால் ஓரத்து வயல்களுக்கு இடாப்பைப் பார்த்துப் படிவம் போட்டது அவர்தான். ஐம்பத்தொன்றுக்கும் ஒரு படிவம் இருந்தது. அதில் பெயர் தவராசா. கையெழுத்தும் தவராசா.

பிரேமிளா அதை எட்டிப் பார்த்தாள். பிறகு தவராசாவைப் பார்த்தாள்.

“அண்ணை, இது உங்களுக்குத் தெரியுமோ?”

“குகன் கொண்டுவந்து நீட்டினவன், வைச்சனான்,” என்றார் தவராசா. “என்ர பேரிலைதானே காணி. காசு என்ர கணக்குக்கு வந்தா வந்த அண்டைக்கே உன்னட்டைத் தராமல் விடுவனே பிள்ளை?”

அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். அதை அவளும் நம்பினாள். ஆனால் இன்று முப்பத்தெட்டில் அழிவில்லை என்று எழுதினால், இந்தப் போகத்தில் அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். நாளைக்கு விதைநெல் நிவாரணம் என்று ஒன்று வந்தாலும், அவள் பெயர் அழிவில்லாதவர்களோடு இருக்கும். காசைத் தவராசா கையில் தருவார். வெள்ளம் அவளுடைய பயிரைக் கொண்டுபோனது என்பதை யார் தருவார்?

சாரங்கா இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். இடாப்பில் காணி யாருடையது என்பது ஒன்று, இந்தப் போகத்தில் யார் பயிரிட்டார் என்பது வேறொன்று. காப்புறுதி பயிருக்கு, மண்ணுக்கல்ல. பயிரிட்டவர் வேறு ஆள் என்றால் காணிக்காரர் எழுதித் தர வேண்டும், கமக்காரர் அமைப்பு உறுதிப்படுத்த வேண்டும், அப்போது பயிரிட்டவரின் பெயரிலேயே கோரிக்கையைத் திருத்தலாம். இல்லாவிட்டால் இரண்டு படிவங்களையும் பொய்யென்று தள்ளிவைப்பதைத் தவிர வழியில்லை. தெரிந்துகொண்டு தவராசாவின் பெயரில் அழிவு எழுதவும் தன்னால் முடியாது.

ஆக, எல்லாம் தவராசாவின் ஒரு வரியில் வந்து நின்றது.

தவராசா மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றினார். அவருடைய தயக்கத்துக்கும் காரணம் இருந்தது. அனுமதிப்பத்திரக் காணியைப் பெற்றவரே செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பத்திரத்தை நிரந்தர உரிமை தரும் அளிப்புப் பத்திரமாக மாற்றிக் காணியை உறுதிப்படுத்த அவர் விண்ணப்பித்திருந்தார். பிரதேச செயலகத்தில் அது அடுத்த மேசைக்குப் போகக் காத்திருந்தது. இந்த நேரத்தில், நான் ஐம்பத்தொன்றைச் செய்யவில்லை என்று தன் கையாலே எழுதுவதா?

“இதைக் காணிக் கந்தோருக்கு அனுப்புவியளோ மிஸ்?” என்று கேட்டார்.

“நான் அனுப்ப மாட்டன் ஐயா. ஆனா கோப்பிலை இருக்கும். ஆரும் கேட்டா இல்லையெண்டும் சொல்ல மாட்டன்.”

வேண்டுமானால் இந்தப் போகத்துக்கு மட்டும் குத்தகை என்று எழுதலாமே என்று குகதாசன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். குத்தகைக் காசு எங்கே, ஒப்பந்தம் எங்கே என்று சாரங்கா கேட்டதும் அவரே அதைக் கைவிட்டார்.

“அண்ணை,” என்றாள் பிரேமிளா. “உங்கட காணி எனக்கு வேண்டாம். என்ர வெள்ளாமை அழிஞ்சது எண்டு மட்டும் எழுதித் தாங்கோ.”

தவராசா மண்வெட்டியை விட்டுவிட்டுச் சேற்றுக் கையைத் துடைத்தார். பிறகு பேனாவை வாங்கினார். வரம்போரம் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் இருக்கையில் தாளை வைத்து, ஐம்பத்தோராம் இலக்கத்தில் இந்தப் பெரும்போகம் பயிரிட்டவர் பிரேமிளா, முப்பத்தெட்டில் பயிரிட்டவர் நான் என்று எழுதினார். கையெழுத்து வைத்துவிட்டு, அடுத்து வரும் சிறுபோகத்திலிருந்து அவரவர் அவரவர் காணிக்குப் போவம் என்றார். எழுதிய பிறகு மாறிச் செய்வது ஆபத்து. அது சரியான பேச்சுதான். வாய்க்கால் தலைப்புக் காணி அவளுக்குத் திரும்பி வருகிறது, வெள்ளக் காணி அவருக்குப் போகிறது. நட்டம் அவருக்குத்தான். அவள் ஓம் என்றாள்.

சாரங்கா திருத்திய படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் பேனா நின்றது. காணிக்காரருக்கும் பயிரிட்டவருக்கும் உள்ள உறவு என்று கேட்டிருந்தது.

“அண்ணை…” என்று பிரேமிளா தொடங்கினாள். அவளுக்குப் பழகிய சொல் அதுதான். அப்பா இறந்த அன்று பந்தல் போட்டவரை வேறு எப்படி அழைப்பது?

“உறவு ஒண்டுமில்லை எண்டு எழுதுங்கோ மிஸ்,” என்றார் தவராசா. “நாங்கள் பளைப் பக்கம். அவையள் மலைநாடு.”

உறவு என்றால் காணி கைமாறியதாக யாரும் சந்தேகப்படுவார்கள். அவருடைய விண்ணப்பத்துக்கு அந்தச் சொல் பாதுகாப்பு. உண்மையும் அதுவே. சாரங்கா பிரேமிளாவைப் பார்த்தார். பிரேமிளா தலையை ஆட்டினாள். இல்லை என்று எழுதப்பட்டது.

ஐம்பத்தொன்றுக்கு நடந்து போனார்கள். தவராசா வரவில்லை. சாரங்கா வயலுக்குள் இறங்கிக் குறுக்காக நடந்தார். சில இடங்களில் நின்று, கையளவு நிலத்தில் உயிரோடிருக்கும் மட்டங்களைத் தேடி எண்ணினார். அழுகியதை விரலால் நசுக்கிப் பார்த்தார். மேற்கு வரம்போரம் மட்டும் ஒரு கீற்று பச்சையாக இருந்தது, அதையும் கழித்துக் கணக்கிட்டார். வயலையும் பிரேமிளாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். கைபேசி அந்த இடத்தின் அமைவையும் படத்தோடு பதிந்தது. அழிவு நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் என்று எழுதினார். மேலே அனுமதி கிடைக்க வேண்டும், அதற்கு எவ்வளவு காலம் என்று தன்னால் சொல்ல முடியாது, இனி உழலாம் என்றார்.

அவர்கள் போன பிறகு பிரேமிளா வரம்பில் நின்றாள். குறுகிய வயது நெல் கிடைத்தால் இப்போதும் விதைக்கலாம், தண்ணீர் இருக்கிறது. உழவு இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். கைபேசியில் தவராசாவின் இலக்கத்தை எடுத்தாள். மாறிச் செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த வயலில் இறங்கியது அவருடைய இயந்திரம்தான். அதை அழுத்தாமல் விட்டு, குகதாசனை அழைத்து, வாடகைக்கு வேறு யாரிடமாவது இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டாள்.