வர்க்கிக்குப் போன நூற்றுநாற்பது

எங்கள் அக்கவுண்ட்ஸ் சூப்பர்வைசர் வசந்தகுமார் குன்னூர் ஹெட் ஆபீஸிலிருந்து மாதக் கடைசியில் ஜீப்பில் வருவார். கட்டபெட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் சில்லறைச் செலவுப் பெட்டியை எண்ணிப் பார்ப்பதற்குத்தான் இந்த ஊர்வலம். பெட்டியில் அதிகபட்சம் இருப்பது பத்தாயிரம். அதற்கு அவர் போட்டுக்கொண்டு வரும் கோட்டைப் பார்த்தால் ரிசர்வ் வங்கியையே தணிக்கை செய்ய வந்தவர் என்று நினைப்பீர்கள்.

இந்த மாதம் அவர் பையில் எனக்கொரு காகிதமும் இருந்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்து என்னை நிரந்தரமாக்கும் சிபாரிசு. ‘கணக்கில் குறை இல்லை’ என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

பதிவேட்டின்படி இருப்பு 1,865 ரூபாய். அவர் எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணினார். 1,725.

“ஏம்மா யூனிஸ், நூத்தி நாப்பது குறையுது. எங்க போச்சு?”

“போன மாசமே போயிருச்சுங்க சார்.”

“போன மாசம் நாந்தான வந்து பார்த்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. கையெழுத்தே போட்டிருக்கேன்.” சிபாரிசுக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, பேனாவைத் திறந்தார். “குறைன்னு எழுதறதத் தவிர எனக்கு வேற வழியில்லம்மா.” வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள அவருக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பக்கமும் ஒரு தப்பு இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு அதை முதலில் சொன்னேன்.

போன மாதக் கடைசி நாள். ஃபேக்டரி பெருக்கும் சின்னம்மை தன் கைக்காசைப் போட்டு இரண்டு விளக்குமாறு வாங்கி வந்து பில்லைக் கொடுத்தார். நூற்றுநாற்பது ரூபாய். பெட்டிச் சாவி மேனேஜரிடம் இருந்தது. அவர் இன்னும் வரவில்லை. மாதம் முடிகிறதே என்று வவுச்சரில் கையெழுத்தை மட்டும் வாங்கி, செலவாகப் பதிந்துவிட்டேன். எங்கள் ஆபீஸில் காலங்காலமாக நடக்கும் சோம்பேறித்தனம் அது. பணம் பெட்டியிலேயே கிடந்தது. மத்தியானம் மேனேஜர் சாவியோடு வந்து, வசந்தகுமார் எண்ணியபோது, பதிவேட்டில் 2,250, பெட்டியில் 2,390.

“அதிகமா இருந்தா யாரு கேக்கப் போறா?” என்றார் அன்று. அது சின்னம்மையின் பணம் என்று நான் வாயெடுப்பதற்குள் ஒரு நூறையும் இரண்டு இருபதையும் உருவி ஜீப் டிரைவரிடம் நீட்டினார். டீயும் மொறுமொறு வர்க்கியும் வந்தன. மிச்ச வர்க்கி பொட்டலமாக அவர் வீட்டுக்குப் போனது. மறுநாள் சின்னம்மை வந்து கேட்டார். பெட்டியிலிருந்து கொடுத்தேன். அதன் வவுச்சர் போன மாதக் கணக்கிலேயே ஏறிவிட்டது; இந்த மாதம் எதைக் காட்டுவது?

“கதை நல்லா இருக்கு,” என்றார் வசந்தகுமார். “சாட்சி இருக்கா?”

“நீங்கதானுங்க சார் சாட்சி.”

போன மாத ஃபைலைப் பிரித்தேன். எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு என்று நோட்டுவாரியாக எழுதும் எண்ணிக்கைச் சீட்டு. கூட்டுத்தொகை 2,390. கீழே அவர் கையெழுத்து. பதிவேட்டில் அதே தேதி, ‘இருப்பு 2,250, சரி’. அங்கேயும் அவர் கையெழுத்து. எண்ணியதும் சீட்டில் போட்டது ஒன்று, வர்க்கி தின்றுவிட்டுப் பதிவேட்டில் போட்டது இன்னொன்று. திருடத் தெரிந்த மனிதருக்குக் கழித்தல் கணக்குத் தெரியவில்லை.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “சின்னத் தொகைம்மா. இதப் போயி...” என்றார். அவர் எடுத்தால் சின்னத் தொகை, எனக்குக் குறைந்தால் வேலை போகும் தொகை. அந்தச் சீட்டைக் கிழித்துவிடலாமே என்றும் மெல்லக் கேட்டார்.

“வரிசை நம்பர் போட்ட சீட்டுங்க சார். ஒன்னு போனாலும் ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க.”

பர்ஸிலிருந்து நூற்றுநாற்பது வந்தது. வரவு ரசீது எழுதினேன்: ‘சென்ற மாதம் பெட்டியில் அதிகமிருந்து எடுத்த தொகை, திரும்பப் பெற்றது.’ டீ, வர்க்கி என்று எழுதவில்லை. அவ்வளவு இரக்கம் எனக்கு உண்டு. பெட்டியில் இப்போது 1,865. பதிவேட்டில் வரவை எழுதி, சின்னம்மைக்குக் கொடுத்ததையும் பழைய வவுச்சர் எண் குறிப்பிட்டு எழுதினேன். இருப்பு அதே 1,865. அவரே இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

பிறகு மேஜைமேல் கிடந்த சிபாரிசுக் காகிதத்தைப் பைக்குள் தள்ளி எழுந்தார். “இத ஹெட் ஆபீஸ் போயி பாத்து அனுப்பறேன்.”

பெட்டியைப் பூட்டாமல், அந்த எண்ணிக்கைச் சீட்டோடு அவர் முன்னால் நகர்த்தினேன்.

“இங்கயே போட்ருங்க சார். இன்னிக்குக் கையெழுத்து, நாளைக்குப் பணம்ங்கற பழக்கத்த நான் விட்டுட்டேனுங்க. நாளைக்குக் கையெழுத்துங்கறதயும் சேத்துத்தான்.”

வசந்தகுமார் மறுபடி உட்கார்ந்தார். ‘கணக்கில் குறை இல்லை’ என்று எழுதினார். அவர் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதி முடித்த பிறகே பெட்டியைப் பூட்டினேன்.