அழுத பிள்ளைகளுக்குக் கேட்காத ஸ்பீக்கர்

"உங்க பிள்ளையா இருந்தா இதை நம்புவீங்களா?"

பத்து மாதக் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தாய் கேட்டாள். கேள்வி மேடத்திடம் இல்லை. காது பரிசோதனை செய்யும் மேடம் கதவருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த உதவியாளரிடம்தான் கேட்டாள். உதவியாளருக்கு யாராவது நேராகப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போதும் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்து நூலகத்தில் நடந்த முகாம் அது. குழந்தைகள் வரிசையில் வந்தார்கள். முறை எளிதுதான். குழந்தை அம்மா மடியில் உட்காரும். மேடம் எதிரே இருந்து பொம்மையைக் காட்டுவார். குழந்தையின் கவனம் பொம்மையில் நிலைத்ததும் மேடம் மூக்குக்கண்ணாடியைத் தொடுவார். உடனே உதவியாளர் போனில் ஒரு பொத்தானைத் தட்டுவாள். போனிலிருந்து போன கம்பி, குழந்தைக்குப் பின்னால் திரைக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் முடியும். அதிலிருந்து மெல்லிய ஒலி வரும். குழந்தை திரும்பினால் கேட்கிறது. திரும்பாவிட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இந்தக் குழந்தை மூன்று முறையும் திரும்பவில்லை.

"நான் கூப்பிட்டா திரும்புறானே மேடம்," என்றாள் தாய்.

"உங்க நிழலைப் பார்த்துத் திரும்புவான்மா. நீங்க கலங்காதீங்க. இன்னும் பெரிய டெஸ்ட் இருக்கு, அதுல தெளிவாத் தெரிஞ்சிடும்."

"சத்தம் எனக்கே கேக்கலையே?"

"மெல்லிய சத்தம்தான்மா. வெளியே இவ்வளவு கூச்சல், பெரியவங்களுக்குச் சட்டுன்னு பிடிபடாது."

சுவரில் சாய்ந்து நின்ற தாயின் தம்பி தலையைச் சொறிந்தான். "மேடம், நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சா அடுத்த ரூம்லேருந்து தவழ்ந்து வர்றான். மூக்காலயா கேக்குறான்?"

"சும்மா இருடா," என்று அக்கா அதட்டினாள். அதட்டியபோது குரல் உடைந்தது.

உதவியாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. தேறாத மூன்றாவது குழந்தை இது. ஒரு முகாமுக்கு ஒரு குழந்தை தேறாமல் போவதே அபூர்வம். முதலில் தேறாமல் போனது சிவப்புத் தொப்பிக் குழந்தை. உள்ளே வந்ததும் வீறிட்டு அழுதது. அப்புறம் ஒரு சுருள்முடிக் குழந்தை. அதுவும் அழுதது, பால் கொடுத்துத் தேற்ற நேரமானது. இவனும் வந்தவுடன் அழுதான். சிரித்துக்கொண்டே வந்த குழந்தைகள் எல்லாம் டக்கென்று திரும்பியிருந்தன.

அழுத பிள்ளைகளுக்கு மட்டும் காது கேட்காதா என்ன?

குழந்தை அழும்போது எல்லோரும் காத்திருப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் ஸ்பீக்கர் சும்மா இருக்கும்.

"மேடம்," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "மேடம், ஸ்பீக்கரைக் கொஞ்சம் பாக்கணும்."

"ஒவ்வொரு பிள்ளை வர்றதுக்கு முன்னாடியும் ஆன் பண்ணிச் சத்தம் கேட்டோமே?"

"ஆன் பண்ணும்போது வந்துச்சு மேடம். அதுக்கப்புறம் வந்துச்சான்னு..."

வாக்கியத்தை முடிக்காமல் எழுந்தாள். திரையை விலக்கினாள். குழந்தையின் கண் விளக்கின் பக்கம் போகக்கூடாதென்று ஸ்பீக்கரின் விளக்கில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவள் அவள்தான். டேப்பைப் பிய்த்தாள். விளக்கு இல்லை. பக்கத்தில் கிடந்த, அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் பேங்கின் நான்கு விளக்குப் புள்ளிகளும் இருண்டிருந்தன. அதன் பொத்தானை அழுத்தினாள். நான்கும் எரிந்தன. சார்ஜ் நிறைய இருந்தது. ஸ்பீக்கரும் 'டிங்' என்று உயிர் பெற்றது.

"அணைஞ்சு கிடந்துச்சு," என்றாள்.

மேடம் திரையருகே வந்தார். தாய் குழந்தையோடு திரும்பிப் பார்த்தாள். ஸ்பீக்கர் சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தது. பிறகு, யாரும் தொடாமலே, பவர் பேங்கின் புள்ளிகள் அணைந்தன. கூடவே ஸ்பீக்கரும்.

"ஏன் இப்படி?" மேடத்தின் குரல் தாழ்ந்திருந்தது.

"இது போன் சார்ஜ் பண்றதுக்குன்னு செஞ்சது மேடம். போன் நிறைய கரண்ட் இழுக்கும். இழுக்குறது ரொம்பக் குறைஞ்சா, போன் நிறைஞ்சிடுச்சு, இல்லேன்னா பிடுங்கிட்டாங்கன்னு நெனச்சு இது தானா அணைஞ்சிடும். வீணாகக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. நம்ம ஸ்பீக்கர் சத்தம் போடாம இருந்தா ஒண்ணுமே இழுக்காத மாதிரிதான். ஸ்பீக்கர் உள்ளே இருந்த பேட்டரி உப்பிப் போச்சுன்னு எடுத்துட்டோம்ல, அதனால பவர் பேங்க் நின்னா ஸ்பீக்கரும் நின்னுடும்."

"நேத்து டெஸ்ட் பண்ணியே?"

"பாட்டு போட்டுப் பார்த்தேன் மேடம். முழு சத்தத்துல." அவள் உதட்டைக் கடித்தாள். "பாட்டுக்கு நடுவுல இவ்வளவு நேரம் சத்தம் நிக்காதே."

போன மாதம் வரை சுவர் பிளக்கில்தான் ஓடியது. இந்த நூலகத்தில் பிளக் கதவோரம் மட்டும் இருந்தது, வயர் எட்டவில்லை. அதனால் வந்த வினை.

"அப்போ இதுக்கு இன்னொரு வாய் கொடுக்கணும், தின்னுக்கிட்டே இருக்க," என்றான் தம்பி. "என் போன் சாகக் கிடக்கு. இதுல செருகவா?"

பவர் பேங்கில் இரண்டாவது துளை இருந்தது. அவன் போனைத் திருப்பி வைத்துச் செருகினான். பாதி உயிரோடு கிடந்த போன் பசியோடு இழுத்தது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் அந்தச் சின்ன விளக்கையே பார்த்தார்கள். முன்பு அணைந்த நேரம் தாண்டியது. இன்னும் தாண்டியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"அம்மா, உக்காருங்க. மறுபடி பாக்கலாம்," என்றார் மேடம்.

தாய் உட்கார்ந்தாள். அவள் கைகள் குழந்தையின் இடுப்பைச் சுற்றி விறைத்திருந்தன. உதவியாளர் டேப்பை மறுபடி ஒட்டினாள். இந்தத் தடவை நாற்காலிக்குத் திரும்பவில்லை. போனோடு திரைக்குள்ளேயே, ஸ்பீக்கருக்குக் காதைக் கொடுத்து, முழங்காலிட்டாள். திரையின் இடுக்கில் மேடத்தின் முகமும் குழந்தையின் பின்தலையும் தெரிந்தன.

மேடம் மர வாத்துப் பொம்மையை ஆட்டினார். குழந்தை அதைப் பிடிக்கக் கையை நீட்டியது. மேடம் கண்ணாடியைத் தொட்டார்.

தட்டினாள். ஒலி வந்தது. அவள் காதுக்கு நன்றாகவே வந்தது.

குழந்தை வாத்தையே பார்த்தது.

ஸ்பீக்கர் செத்திருந்தது என்பதால் பிள்ளைக்குக் கேட்கும் என்று ஆகிவிடாது. அது உதவியாளருக்கு இப்போதுதான் உறைத்தது. தாய்க்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவள் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

மேடம் வாத்தைக் கீழே இறக்கினார். காத்திருந்தார். நீண்ட நேரம் காத்திருந்தார். முன்பு ஸ்பீக்கர் அணைந்த நேரம் தாண்டட்டும் என்று வேண்டுமென்றேதான். பிறகு கண்ணாடியைத் தொட்டார்.

தட்டினாள்.

குழந்தையின் கை அந்தரத்தில் நின்றது. தலை மெல்லத் திரும்பியது. திரை இடுக்கு வழியாக இரண்டு கண்கள் நேராக அவளைப் பார்த்தன. வாயிலிருந்து எச்சில் வடிந்தது.

"இன்னொண்ணு," என்றார் மேடம், உணர்ச்சி காட்டாமல். அதற்கும் திரும்பினான். இன்னும் மெதுவான ஒலிக்கும் திரும்பினான், கூடவே ஒரு சிரிப்பு.

"கேக்குதும்மா," என்றார் மேடம். "நல்லாவே கேக்குது. தப்பு எங்களோடது."

பிறகு உதவியாளரிடம் திரும்பினார். "சிவப்புத் தொப்பி, சுருள்முடி, ரெண்டு வீட்டுக்கும் இப்பவே போன் பண்ணு. திரும்ப வரச் சொல்லு. என்ன நடந்ததுன்னு மறைக்காம சொல்லு. அவங்க அழுதுக்கிட்டு இருப்பாங்க."

உதவியாளர் திரைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். சொல்ல ஆயிரம் இருந்தது. "மன்னிச்சுடுங்கக்கா," என்று தொடங்கினாள்.

தாய் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமா, நன்றியா, எதுவென்று பிடிபடவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்து, அதன் காதின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். தம்பி போனைப் பிடுங்குவதற்குக்கூடக் காத்திருக்காமல், கதவைத் தாண்டிப் போய்விட்டாள்.